வாங்கும் விலைக்குப் போட்ட கணக்கு

என் கணவர் சரீப் கடலுக்குப் பயப்படமாட்டார். மனிதரிடம் ஒரு கேள்வி கேட்கத்தான் பயப்படுவார். அந்தப் பயத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் மரியாதை.

அவருக்கும் வினோதனுக்கும் பங்கில் ஒரு படகு இருக்கிறது. மார்ச்சிலிருந்து செப்டெம்பர் வரை வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு திமிங்கிலம் காட்டப் போவார்கள். துறைமுக வீதியில் ஓரறை அலுவலகம், இரண்டு கதிரை, ஒரு மின்விசிறி. வெள்ளிக்கிழமை படகு ஓடாது, ஆகவே வியாழன் பின்னேரம் கிழமைக் கணக்குப் பார்ப்பார்கள். பார்ப்பது என்று சொல்வது தவறு. ஒருவர் வாயால் சொல்வார், மற்றவர் தலையாட்டுவார். மண்ணெண்ணெய்க்கு இவ்வளவு, ஐஸுக்கு இவ்வளவு, படகுப் பையனுக்கு இவ்வளவு. பில் கேட்கும் வழக்கம் இந்தத் துறையில் பங்காளிகளுக்கிடையே கிடையாது. பில்லைக் காட்டு என்று கேட்டால் நீ கள்ளன் என்று சொன்னதற்குச் சமம். அப்படிக் கேட்டுப் பிரிந்த படகுகள் இரண்டு எனக்கே தெரியும்.

சிக்கல் ஒரு செயலியால் வந்தது. காற்று எப்போது திரும்பும், அலை எவ்வளவு எழும் என்று மணிக்கு மணி சொல்லும் வெளிநாட்டுச் செயலி. போன வருடம் ஒரு நாள், வானம் பளிச்சென்று இருக்கிறதே என்று நம்பிப் போய், திரும்பி வரும்போது ஒரு ஜெர்மன்காரக் குடும்பம் முழுவதும் படகுக்குள்ளேயே வாந்தி எடுத்தது. அதற்குப் பிறகு இருவரும் இலவசக் கணிப்பை நம்புவதை விட்டுவிட்டார்கள். அந்தச் செயலிக்கு மாதம் இருபது டொலர். வினோதனிடம்தான் வெளிநாட்டில் செல்லும் வங்கிக் காட் இருந்தது, ஆகவே அவன் கட்டினான். வியாழக்கிழமையில் தொகையைச் சொல்வான், பொதுச் செலவில் கழிப்பார்கள்.

முதல் மாதம் ஆறாயிரத்து அறுநூறும் சொச்சமும் என்றான். அடுத்த மாதம் அதைவிடக் கொஞ்சம் கூட. மூன்றாம் மாதம் கொஞ்சம் குறைவு.

சரீப் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து என்னிடம் கணக்குப் போட்டார். வெள்ளைக்காரர் கையில் கொடுக்கும் டொலரை அவர்தான் கொண்டுபோய் மாற்றுவார், ஆகவே டொலரின் விலை அவருக்கு மனப்பாடம். இருபதைப் பெருக்கினால் ஐயாயிரத்துத் தொளாயிரம் வருகிறது. மாதம் எழுநூறு ரூபாய் எங்கே போகிறது? அதைவிட அவரை உறுத்தியது, தொகை மாதத்துக்கு மாதம் மாறியதுதான்.

"உண்மையான விலையெண்டா ஒரு விலைதானே இருக்கும், நுஸ்ரத்," என்றார். "பொய் சொல்றவனுக்குத்தான் போன மாசம் சொன்னது ஞாபகம் வராது."

எழுநூறு ரூபாய்க்கு இந்த ஊரில் ஒரு நல்ல கொத்து ரொட்டிகூட வராது. நான் அதைச் சொன்னேன். வெளிநாட்டிலிருந்து வரும் முற்பணம் எல்லாம் வினோதனுடைய வங்கிக் கணக்குக்குத்தான் இலட்சக்கணக்கில் வருகிறது, அதில் ஒரு சதம் பிசகியிருக்கிறதா என்றும் கேட்டேன். அது பெரிய காசு, பெரிய காசைத் தொட்டால் பிடிபடுவான் என்று அவனுக்குத் தெரியும், என்றார். சந்தேகம் வந்த ஆளுக்கு எல்லாச் சாட்சியும் தன் பக்கம்தான் பேசும்.

அதன் பிறகு வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வினோதன் ஃபோன் பண்ணினால் இவர் இரண்டு சொல்லோடு வைத்துவிடுவார். முன்பெல்லாம் ஒரே படகில் நாள் முழுக்க இருந்துவிட்டு வந்து, இரவும் ஃபோனில் கதைத்துக்கொண்டே இருப்பார்கள். நான் அதற்கு ஏசியிருக்கிறேன். இப்போது அந்தச் சத்தம் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் இவர், சீசன் முடியப் பங்கைப் பிரிக்கப்போவதாகவும், கிண்ணியாவிலுள்ள முனீப் பாதிப் பங்குக்கு வரச் சம்மதம் என்றும் சொன்னார். முனீப் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். அவனிடம் காசு இருக்கிறது. கடல் தெரியாது. சரீப்புக்குப் பங்காளி இன்னொருவர் கிடைப்பார். பன்னிரண்டு வருடச் சிநேகிதன் இன்னொருவன் கிடைக்கமாட்டான். அவருக்கு அது தெரியும். தெரிந்தும் அந்த மனிதர் வாயைத் திறக்கமாட்டார்.

கேட்காமலிருக்கும் அந்த வழக்கம் ஆண்களுக்குத்தானே, எனக்கில்லை என்று நினைத்தேன். வினோதனின் மனைவி நிரோஜினி பிரதேச சபையில் வேலை செய்கிறாள். அவள் வீட்டுக்குப் போய், தேத்தண்ணி வரும்வரை கூடப் பொறுக்காமல் விசயத்தைச் சொல்லிவிட்டேன்.

நிரோஜினி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அப்ப சரீப் அண்ணன் இவரைக் கள்ளன் எண்டு நினைச்சவரோ?"

"ஓம்."

"எழுநூறு ரூபாய்க்கோ?"

"ஓம்."

அவள் உள்ளே போய் வினோதனின் ஃபோனை எடுத்துக்கொண்டு வந்தாள். வினோதன் குளித்துக்கொண்டிருந்தான். மடியில் கனமில்லாதவர்கள் வீட்டில் ஃபோனுக்குப் பூட்டும் இருக்காதுபோல. காசு கழிந்த ஒவ்வொரு தடவையும் வங்கி அனுப்பிய செய்தி அப்படியே இருந்தது. வினோதன் சொன்ன தொகைதான், ஒரு சதமும் கூட்டிச் சொல்லவில்லை. ஒரு மாதம் ஐந்து ரூபாய் குறைத்தே சொல்லியிருந்தான்.

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆனால் என் கணவருடைய பெருக்கலும் பிழையில்லை. பெருக்கலும் சரி, வினோதனும் சரி என்றால், நடுவில் யாரோ இருந்தாக வேண்டும். மறுநாள் இருவரும் வங்கிக்குப் போனோம்.

குணேஸ்வரி என்ற உத்தியோகத்தர் எங்களை இருத்தினார். முதலில் என்னிடம், உங்கள் கணவர் எந்த விலைக்குப் பெருக்கினவர் என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதற்கு நன்றி.

"அது நாங்கள் உங்களிட்டை டொலர் வாங்கிற விலை. நீங்கள் எங்களிட்டை வாங்கப் போனால் விற்கிற விலை. அது கூட."

வங்கியின் விலைப் பலகையில் இரண்டு வரிசை இருப்பது எனக்கும் தெரியும். டொலரை விற்பதைத் தவிர வேறொன்றும் செய்யாத ஆள் இரண்டாவது வரிசையை ஏன் பார்க்கப் போகிறார்? எங்கள் துறையில் டொலர் வருமே தவிரப் போகாது. அதில் ஏறத்தாழ இருநூறு ரூபாய் போய்விட்டது.

அடுத்ததாக, பணம் கட்டும் பக்கத்தில் ரூபாயா டொலரா என்று கேட்டிருக்கும், எதைத் தெரிவு செய்தீர்கள் என்றார். நிரோஜினி அங்கிருந்தே வினோதனுக்கு ஃபோன் போட்டாள். ரூபாய்தான், நாங்கள் ரூபாய்க்காரர்தானே, என்றான் அவன். அங்கேதான் அடுத்த முந்நூறு. ரூபாய் என்று அழுத்தியதும், மாற்றிக் கொடுக்கிற வேலையை அந்தப் பக்கத்துக் கம்பனி தன் விலையில் செய்து, தன் பங்கையும் சேர்த்துக்கொள்கிறது. அந்தந்த நாள் விலையென்பதால் தொகையும் மாதா மாதம் மாறும். ரூபாயில் எடுத்தாலும் வியாபாரி வெளிநாட்டில் இருப்பதால் எங்கள் வங்கியும் தன் வெளிநாட்டுக் கட்டணத்தை விடாது. அது மிச்ச இருநூறு.

ஆக எழுநூறு ரூபாய் மூன்று வழியாகப் போயிருக்கிறது. அந்த மூன்றிலும் வினோதன் இல்லை.

குறைக்க என்ன வழி என்று கேட்டோம். டொலரைத் தெரிவு செய்தால் அந்த முந்நூறு மிஞ்சும். ஆனால் இப்போதைய சந்தாவை நிறுத்திவிட்டுத் திரும்பச் சேரும்போதுதான் மாற்றலாம். ஃபோனுக்குள் இருக்கும் செயலிக் கடை வழியாக எடுத்து ஃபோன் பில்லோடு கட்டினால் வங்கிக் கட்டணம் இராது. நிரோஜினி அங்கேயே தேடிப் பார்த்தாள். கடைக்குக் கொடுக்கும் கமிசனையும் சேர்த்து அங்கே விலையைக் கூட்டிப் போட்டிருந்தார்கள். வருடத்துக்கு ஒரேயடியாகக் கட்டினால் பத்து மாத விலை. எங்கள் படகு ஓடுவதே ஏழு மாதம். திமிங்கிலம் இல்லாத மாதத்துக்கு நாங்கள் ஏன் காற்றுக்குக் காசு கட்ட வேண்டும்?

"வெளிநாட்டிலயிருந்து உங்களுக்கு முற்பணம் வருகுதெல்லோ," என்றார் குணேஸ்வரி. "அதை ஏன் ரூபாயாக்கிப்போட்டுத் திரும்ப டொலர் வாங்கிறீங்கள்? டொலர் கணக்கொண்டு திறந்து அதிலயே விடுங்கோ. அதுக்கொரு காட் தருவம். டொலருக்கு டொலர் கழியும், மாத்திற வேலையே இல்லை."

எங்கள் வீட்டு ஆண்கள் டொலரைக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டு, அதே டொலரைக் கூடிய விலைக்கு வாங்கி, அந்த இடைவெளியில் ஒருவரை ஒருவர் இழக்கப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் வங்கியிலேயே கத்தியிருப்பேன், குளிரூட்டி என்னைக் கொஞ்சம் அடக்கியது.

அன்று இரவு சரீப்பிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு முனீப்புக்கு ஃபோன் பண்ணி, வேண்டாம் என்றார். காரணம் கேட்டதற்கு, கணக்குச் சரிவந்துவிட்டது என்றார். மறுநாள் வினோதனிடம் நேரில் போனார். நானும் போனேன், இல்லாவிட்டால் வாசலோடு திரும்பியிருப்பார்.

வினோதனுக்கு நிரோஜினி முதலே சொல்லியிருந்தாள். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நல்லது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

"என்னிட்டைக் கேட்டிருக்கலாமே, நானா," என்றான். என் கணவரை அவன் அண்ணன் முறையில் எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவான்.

"கேக்கிற பழக்கம் இல்லையே தம்பி."

"ஓம். அந்தப் பழக்கம் இல்லைத்தான்."

சரீப் மன்னிப்புக் கேட்டார். என் கல்யாண வாழ்க்கையில் அவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை, எனக்குச் சொன்னதில்லை. வினோதன் அதை விடுங்கள் என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்தான். இருவரும் காற்றைப் பற்றிக் கதைத்தார்கள். எல்லாம் தீர்ந்ததென்று நம்பி வீட்டுக்கு வந்தேன்.

டொலர் கணக்குத் திறந்து, காட் வந்து, பழைய சந்தாவை நிறுத்திப் புதிதாகச் சேர்ந்தார்கள். இருபது டொலருக்கு இருபது டொலர்தான் கழிந்தது. குணேஸ்வரி சொன்னதில் ஒரு சொல்லும் பிழைக்கவில்லை.

அந்த வியாழன் மதியச் சாப்பாடு கொண்டுபோக நேரமாகி, நான் அலுவலகத்துக்குப் போனபோது கணக்கு நடந்துகொண்டிருந்தது. சரீப் வழக்கம்போலக் கதிரையில் சாய்ந்து, தலையாட்டுவதற்கு ஆயத்தமாக இருந்தார். வினோதன் வாயைத் திறக்கவில்லை. ஃபோனை மேசையில் வைத்து, வங்கிச் செய்தியை அவர் பக்கம் திருப்பினான். அதன் கீழே மண்ணெண்ணெய் பில், அதன் கீழே ஐஸ் பில், பையன் கையெழுத்துப் போட்ட துண்டு.

"இதெல்லாம் எதுக்கு வினோதன்?" என்றார் சரீப்.

"பாருங்கோ நானா," என்றான் அவன். குரலில் கோபம் துளியும் இல்லை.

சரீப் பார்க்கமாட்டேன் என்றார். வினோதன் காத்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.