எண்ணெய் குடித்த ஜாடி

போன வருஷம் நான் போட்ட மாங்காய் ஊறுகாயில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பூத்தது. மூடியைத் திறந்து பார்த்தவர், என் கணவரின் அக்கா. "சிலருக்குக் கை வராதும்மா, விடு" என்றார். திட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். பரிதாபப்பட்டுவிட்டார். அதன்பின் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஊறுகாய் அவர் வீட்டிலிருந்துதான் வந்தது. என் கையில்தான் கோளாறு என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

இந்த வருஷம் ஒரு கை பார்த்துவிடுவதென்று இறங்கினேன். பெரிய பானையின் அடியில் துணி விரித்து, கண்ணாடி ஜாடியையும் மூடியையும் தண்ணீரில் முழுக்கிக் கொதிக்கவிட்டேன். எடுத்துக் கவிழ்த்து, வெயிலில் ஈரம் துளியுமில்லாமல் காயவைத்தேன். மாங்காயைக் கழுவி, ஒவ்வொன்றாகத் துடைத்து, உலர்த்தி, பிறகுதான் கத்தியைத் தொட்டேன். உப்பு, மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த கடுகும் வெந்தயமும் கலந்து ஜாடியில் அமுக்கி, காய்ச்சி நன்றாக ஆறவைத்த நல்லெண்ணெயைத் துண்டுகள் மூழ்கி மேலே தெளிவாக நிற்கும்வரை ஊற்றினேன்.

மறுநாள் எண்ணெய் இறங்கியிருந்தது. பொடிகள் குடிக்கும், சகஜம்தான். இன்னும் கொஞ்சம் காய்ச்சி, ஆறவைத்து ஊற்றினேன். அடுத்த நாளும் இறங்கியிருந்தது. அதற்கடுத்த நாள் மாங்காயே தலை நீட்டிக்கொண்டிருந்தது. இதென்ன மாங்காயா, ஒட்டகமா?

விடை காலைப் பலகாரத்தில் கிடைத்தது. குளித்துவிட்டு வந்தால், என் கணவர் தானே போட்டுக்கொண்ட ஆம்லெட் செக்கச்செவேலென்று இருந்தது. வீடு முழுக்க வெந்தய வாசனை.

"ஏங்க, இது எந்த எண்ணெய்?"

"மேல சும்மாதானே நிக்குது. அந்தக் காரம் இருக்கே, அடடா!"

"போன வருஷமும் எடுத்தீங்களா?"

அவர் ஆம்லெட்டையே பார்த்தார். "கொஞ்சம்தான்… கழுவின கரண்டியிலதான் எடுத்தேன்."

"கழுவி?"

"கழுவி… அப்படியே."

ஈரக் கரண்டி! எண்ணெயும் போய், தண்ணியும் சேர்ந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஒரு வருஷமாக என் கையை நானே சந்தேகப்பட்டிருக்கிறேன்.

நல்லவேளை, இந்த முறை பூஞ்சை பூக்கும் முன்பே பிடிபட்டுவிட்டார். ஜாடியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். குறைந்த எண்ணெயை மறுபடி காய்ச்சி, ஆறவைத்து நிரப்பினேன். "உப்பைத் தின்னவர் தண்ணி குடிக்கணும். அக்கா வந்தா நீங்களேதான் சொல்லணும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தார். உலர்ந்த கரண்டியால் எடுத்து அவர் தட்டில் வைத்தேன். பூஞ்சையின் சுவடே இல்லை. சப்புக்கொட்டி, "இது யாரு போட்டது?" என்றார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமி, "அக்கா, போன வருஷம் கெடுத்தது நான்தான்" என்று ஆரம்பித்தார்.

அக்கா முழுக்கக் கேட்டார். தம்பியை ஒரு முறை முறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றார். "அடுத்த வருஷம் எனக்கும் சேர்த்து நீயே போட்டுடு."