விரிசல் போன இடம்

வீட்டுத் தரகர்களுக்குப் படம் திருத்திக் கொடுக்கும் அந்த ஆபீஸில் சுவர் விரிசலை மறைக்க அவளை விட்டால் ஆளில்லை. அன்று வந்த அடுக்குமாடிப் படத்தில், இரண்டாம் மாடி பால்கனிக்கு அடியில் கை நுழையும் அகலத்துக்கு ஒரு விரிசல்.

"இது மராமத்து பண்ண வேண்டியது சார், மறைக்க வேண்டியதில்ல."

"நம்ம வேலை படம்மா. சுவர் இல்ல," என்றார் முதலாளி.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. விரிசலின் கருப்பு ஓரமும் அடங்கும்படி, மாற்ற வேண்டிய இடத்தைக் குறிக்கும் மாஸ்க்கைச் சற்று அகலமாக வரைந்தாள். கம்ப்யூட்டர் நிரப்பித் தந்த சுவர் மொழுமொழுவென்று பிளாஸ்திரி போல் தனித்துத் தெரிந்தது. மாஸ்க்கின் ஓரத்தைச் சில பிக்சலுக்கு மெல்லக் கரையவிட்டாள். அதிகம் கரைத்தால் சுற்றிலும் மங்கல் வட்டம் விழும். மாலை வெளிச்சத்தில் எடுத்த படம், எங்கும் மணல் தூவியதுபோல் பொடிப்புள்ளி. அதே பருமனில் ஒட்டின இடத்தின் மேலும் புள்ளி தூவினாள், நிழலில் கொஞ்சம் கூடுதலாக. பெரிதாக்கிப் பார்த்தாள். எங்கே ஒட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆபீஸ் வழக்கப்படி மூலப்படத்தை அழித்தாள்.

அடுத்த வாரம், இந்த ஊருக்குக் குடிவரப்போகும் தங்கை வெளியூரிலிருந்து போனில் கூப்பிட்டாள்.

"வீடு பாத்துட்டேன்க்கா! ரெண்டாவது மாடி, பெரிய பால்கனி. படம் அனுப்பியிருக்கேன் பாரு."

அவள் திருத்திய அதே படம்.

"அது வேணாம்டி. பால்கனிக்கு அடியில விரிசல்."

"பெருசாக்கிப் பாத்துட்டேன். ஒரு கோடுகூட இல்ல. உனக்கு எதுலதான் குறை தெரியாது? நாளைக்குக் கையெழுத்துப் போடறோம்."

அவள் நேரே அந்தக் கட்டடத்துக்குப் போனாள். விரிசலைக் காணோம். வீட்டுக்காரர் பூசி, வெள்ளையடித்துவிட்டிருந்தார். பூசியவன் ஓரத்தைக் கரைக்கவுமில்லை, சுவரின் சொரசொரப்பைச் சேர்க்கவுமில்லை. வழவழவென்று பட்டையாகத் தெரிந்தது. மாடிப்படி சன்னலிலிருந்து எட்டி நகத்தால் சுரண்டினாள். பூச்சு ஓடாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே விரல்கள் முழுசாகப் போயின. விரல்களோடு சேர்த்துப் படமெடுத்து அனுப்பினாள்.

தங்கை உடனே கூப்பிட்டாள்.

"குழந்தை அந்த பால்கனியிலதான்க்கா விளையாடியிருப்பான். இதைப்போய் அந்தப் படத்துல மறைச்சிருக்கானே பாவி! அவன் கை விளங்குமா?"

அவள் தன் கையைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் சுண்ணாம்பு.

"என் கைதான்டி அது," என்றாள்.