நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில்

என் மாமனாருக்குக் காதில் குரல் கேட்கிறது என்று முதலில் சொன்னவர் என் கணவர்தான். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம் இருக்கும். கூடத்தில் அப்பாவும் மகனும் ஒரு சின்ன பிளேயரை நடுவில் வைத்துக்கொண்டு மல்லுக்கு நின்றார்கள். அதில் என் நாத்தனாரின் பாட்டுகள் இருந்தன. நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே இறந்துபோனவள் அவள். போட்டோவில் பார்த்ததோடு சரி. நண்பர்களோடு சேர்ந்து ஒரே ஒரு சிடி போட்டாள். எட்டுப் பாட்டு. கடைக்குப் போகாமல் தெரிந்தவர்கள் கையிலேயே தீர்ந்துபோன சிடி.

நாலாவது பாட்டு முடிந்ததும் மாமா கையைத் தூக்குவார். "இரு, இப்போ அவ பேசுவா" என்பார். யாரும் பேசமாட்டார்கள். அஞ்சாவது பாட்டு ஆரம்பித்துவிடும். அவர் முகம் சுருங்கிப்போகும். பேசினாளே, என்னைக் கூப்பிட்டாளே, யார் அதை வெட்டினது என்று கேட்பார்.

என் கணவரும் பொறுமையாகத்தான் விளக்கினார். வீடு மாறும்போது சிடியைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது அவர்தான். ஏனோதானோ என்று செய்யவில்லை. ஒவ்வொரு பாட்டையும் இரண்டு தடவை படிக்கவைத்து, இரண்டு தடவையும் மென்பொருள் கணக்கிட்டுத் தரும் சரிபார்ப்பு எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் சேமித்தாராம். எட்டுக்கும் நேரே "பிழை இல்லை" என்று மென்பொருள் எழுதிக் கொடுத்த அறிக்கையை அப்பாவிடமே காட்டினார். பழைய சிடியை மற்ற பழைய சாமான்களோடு சேர்த்துக் கழித்துவிட்டிருந்தார். பிழையே இல்லாத நகல் இருக்கும்போது குப்பை எதற்கு?

பிழை இல்லாத நகலில் இல்லாத குரல் அப்பாவுக்கு மட்டும் கேட்கிறது என்றால் என்ன அர்த்தம்? டாக்டர். டாக்டர் என்றால் மாத்திரை. மாமா முதல் மாதம் சண்டை போட்டார், அடுத்த மாதம் அழுதார். அப்புறம் டாக்டர் கேட்கும்போதெல்லாம் "ஒண்ணும் கேக்கல" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சொல்லப் பழகிக்கொண்டார். மாத்திரையில் கை நடுங்க ஆரம்பித்தது. பிளேயரைத் தானே அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். குணமாகிவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

நான் வானொலி நிலையத்தின் ஒலி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். அலமாரி அலமாரியாக நிற்கும் சிடிகளைக் கெடுவதற்குள் கோப்பாக மாற்றுவதுதான் என் பிழைப்பு. போன வாரம் ஒருத்தர் வந்து ஒரு சிடியை மேஜையில் வைத்தார். நாத்தனாரின் குழுவில் டிரம்ஸ் வாசித்தவராம். பெயர் சுருட்டை. தலையில் ஒரு முடிகூட இல்லை, பெயர் மட்டும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என்னிடம் இருப்பது இது ஒன்றுதான், உங்களிடமாவது பத்திரமாக இருக்கட்டும் என்றார். அட்டையில் இருந்தது எங்கள் வீட்டுப் போட்டோவில் இருக்கும் அதே முகம். நான் யார் வீட்டு மருமகள் என்று சொன்னதும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சிடியில் ஒரு கீறல் குறுக்கே ஓடியது. மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்து டிரைவில் போட்டேன். எங்கள் நிலையத்தில் பாட்டு பாட்டாக நறுக்குவதில்லை. முழு சிடியையும் ஒரே கோப்பாக எடுத்து, எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்பதைக் கியூ ஷீட் என்கிற சின்ன எழுத்துக் கோப்பில் தனியாக வைப்போம். முதலில் மென்பொருள் பாட்டுகளின் எல்லைகளைத் தேடியது. மற்ற பாட்டுகளுக்கெல்லாம் தொடக்கம் என்று ஒரே ஒரு எண். அஞ்சாவதுக்கு மட்டும் இரண்டு. இன்டெக்ஸ் 00, இன்டெக்ஸ் 01. இரண்டுக்கும் நடுவே பதினோரு விநாடி.

01 என்பது பாட்டு தொடங்கும் இடம். 00 என்பது அதற்கு முந்தைய இடைவெளி தொடங்கும் இடம். சிடியை முதலிலிருந்து ஓடவிட்டால் அந்த இடைவெளியும் ஓடும், சிடி பிளேயரில் தெரியும் விநாடிக் கணக்கு கழித்தல் குறியோடு பூஜ்யத்தை நோக்கி இறங்கும். பட்டனை அழுத்தி நேரே அஞ்சாவதுக்குத் தாவினால் 01-இல்தான் போய் நிற்கும். மாமா எப்போதும் முதலிலிருந்து கேட்பவர். என் கணவர் எப்போதும் தாவுகிறவர்.

சுருட்டையிடம் கேட்டேன். "ஆமா, அவ பேசினது அங்கதான் இருக்கு. ரேடியோல போடறவங்களுக்குப் பாட்டு நேரா ஆரம்பிக்கணும்னு பேச்ச மட்டும் இடைவெளியில வெச்சோம். அன்னிக்கு அவங்க அப்பாவும் ஸ்டுடியோவுல எங்க கூடதான் உக்காந்திருந்தாரு" என்றார்.

என் கணவருக்குப் போன் செய்தேன். சிடியை ஏற்றிய அன்று மென்பொருளில் இடைவெளிகளை என்ன செய்யச் சொன்னாய் என்று மட்டும் கேட்டேன். வெறும் சத்தமில்லாத இடம்தானே, போனில் பாட்டுகளை மாற்றி மாற்றிப் போடும்போது இழுவையாக இருக்குமே என்று விட்டுவிடச் சொன்னாராம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாராம் ஒருத்தர். சரிபார்ப்பு எண் எடுத்ததற்குத்தான் உத்தரவாதம் தரும். எடுக்காமல் விட்டதைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? போனில் வாயில் வந்தபடி திட்டினேன்.

முழு சிடியையும் படிக்கவிட்டேன். கீறல் அந்த இடைவெளியின் மேலேயேதான் போயிருந்தது. டிரைவ் முனகி வேகத்தைக் குறைத்தது. ஒரே இடத்தை மறுபடி மறுபடி படித்தது, ஒவ்வொரு தடவையும் வேறு வேறாகப் படித்தது. திரையில் சிவப்புக் கட்டங்கள் நிறைந்தன. பெற்ற மகளை ஆஸ்பத்திரியில் உள்ளே அனுப்பிவிட்டு வெளியே உட்கார்ந்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு வழியாகப் படித்ததெல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போனது. நம்பாமல் இன்னொரு தடவை முழுதும் எடுத்தேன். இரண்டு தடவையும் ஒரே எண்.

அன்று சாயங்காலம் மாமாவைக் கூடத்தில் உட்காரவைத்தேன். கணவர் தரையில், அவர் காலடியில் உட்கார்ந்தார். நாலாவது பாட்டிலிருந்து ஓடவிட்டேன். பாட்டு முடிந்தது. நாற்காலி நகரும் சத்தம். யாரோ அடக்கிய சிரிப்பு. பிறகு நான் அதுவரை கேட்டிராத என் நாத்தனாரின் பேச்சுக் குரல், இதோ பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரி:

"அப்பா, தூங்கிட்டீங்களா? எந்திரிங்க, அடுத்தது உங்களுக்காகத்தான் பாடப்போறேன்."

அஞ்சாவது பாட்டு தொடங்கியது. என் கணவர் அப்பாவின் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். "மன்னிச்சிருங்கப்பா. எனக்கும் கேட்டுச்சு. எங்க ரெண்டு பேருக்குமே கேட்டுச்சு" என்றார்.

மாமாவின் கை பாதி தூக்கியபடி நின்றிருந்தது. அதை மெல்ல இறக்கி மடியில் வைத்து, நடுக்கம் தெரியாமல் இன்னொரு கையால் மூடிக்கொண்டார். டாக்டர் அறையில் உட்கார்ந்திருக்கும்போது பார்ப்பது போலவே என்னைப் பார்த்தார், அப்புறம் மகனைப் பார்த்தார். கண் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலம்மா" என்றார். "மாத்திரைய ஒழுங்காத்தான் போட்டுக்கிட்டு வர்றேன்."