அழித்துவிட்ட தமிழ்ப் பத்தி

பட்டச் சான்றிதழ் அச்சுக்குப் போக இரண்டே நாள். கல்லூரித் தேர்வுப் பிரிவு எழுத்தர் சுடர்க்கொடி திரையைப் பார்த்து உறைந்துபோனாள். அறுநூறு மாணவர் பெயர்களை மென்பொருள் ஆங்கில எழுத்துக்கு மாற்றியதும், வேண்டும்போது திருப்பிக்கொள்ளலாமென்று பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் இருந்த பத்தியை அழித்தவள் அவள்தான். இப்போது திருப்பினால் வள்ளியும் வல்லியும் ஒரே வல்லியாக நின்றார்கள்.

"வேற மென்பொருள் போட்டுப் பாரும்மா," என்றார் கண்காணிப்பாளர் இருதயராஜ்.

"எதைப் போட்டாலும் ஊகம்தான் சார். லகரம், ளகரம் ரெண்டும் ஆங்கிலத்துல ஒரே எழுத்தாப் போச்சு. குறில் நெடிலும் அப்படித்தான். எது எதுன்னு அந்தக் கோப்புலயே இல்ல."

"விண்ணப்பத் தாளைப் பாரேன்."

"போன மாசம் பழைய பேப்பர்க்காரனுக்குப் போடச் சொன்னது நீங்கதான் சார்."

இருதயராஜ் நாற்காலியைத் துழாவி உட்கார்ந்தார். பட்டத்தில் பெயர் தவறினால் அந்தப் பிள்ளைகளுக்கு ஆயுளுக்கும் அலைச்சல்.

"போன் நம்பராவது இருக்கா?"

"இருக்கு சார்."

"நாம ரெண்டு பேரும் ஆளுக்கு முந்நூறு பேருக்குப் போன் போடுவோம். தமிழ்ல எழுதி அனுப்பச் சொல்லு."

சுடர்க்கொடி முதல் எண்ணை அழுத்தினாள். "உங்க பேரைத் தமிழ்ல எப்படி எழுதுவீங்கம்மா?"

மறுமுனையில் இருந்த மாணவி திருப்பிக் கேட்டாள்.

"மூணு வருஷம் உங்க காலேஜ்லதானக்கா படிச்சேன்?"