பன்னிரண்டடி அறை

தான் ஓர் எட்டு வைத்தால் சரியாக மூன்றடி என்பது என் கணவரின் நம்பிக்கை. கல்யாணமான நாளாக நானும் அதைக் கெடுக்கவில்லை. ஆனால் அவர் இயக்கும் முதல் படத்துக்கு நான்தான் கேமரா. அதனால் இந்த முறை சொல்லித் தொலைத்துவிட்டேன்.

"ரூம டேப் வெச்சு அளந்துடுங்க."

"நாலு எட்டு. பன்னண்டு அடி. இதுக்கு எதுக்கு டேப்?"

"உங்க எட்டு மூணடி இல்லைங்க."

அவ்வளவுதான். அதோடு பேச்சு நின்றது. வாடகைக்கு எடுத்த அந்த வீட்டில் அன்று ஒரு நாற்காலிகூடக் கிடையாது. வெறும் தரையில் உட்கார்ந்து, கட்டம் போட்ட தாளில் கட்டத்துக்கு ஒரு அடி என்று அறையை வரைந்தார். அடுத்த இரண்டு நாளும் எங்களுக்குள் தூது போனது அந்தத் தாள்தான்.

மேலே கூரையைக் கழற்றிப் பார்த்தது போல இருக்கும் அவர் வரைந்தது. நடுவில் நீள மேசை. சுவர்ப்பக்கம் கதையில் வரும் கணவன், ஒரு வட்டம். முகம் எந்தப் பக்கம் என்று காட்ட அதில் சின்ன மூக்கு. மேசையின் தலைமாட்டில் மனைவி, இன்னொரு வட்டம். அவள் எழுந்து, அவன் முதுகுக்குப் பின்னால் நடந்து, கோடியில் இருக்கும் கதவு வழியாக வீட்டை விட்டே போகிறாள். அந்த வழி புள்ளிப் புள்ளியாக, நுனியில் அம்புக்குறி. எதிர்ச்சுவரை ஒட்டி என் கேமரா, விரித்த இரண்டு கோடு. கதவோரம் விளக்கு நிற்கும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி. 'கணவன் அசையவே மாட்டான்' என்று ஓரத்தில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு. நான் சிவப்புப் பேனாவால் 'விளக்குக்கு மூணு கால் உண்டு, விரிச்சா மூணடி' என்று எழுதி அனுப்பினேன். பெருக்கல் குறி நகராமலே தாள் திரும்பி வந்தது.

படப்பிடிப்பு அன்று காலைதான் மேசை வந்து இறங்கியது. மனைவியாக நடிக்கும் அக்கா பெரிய நடிகை. பன்னிரண்டு மணிவரைதான் இருப்பார். அதற்குள் முடியாவிட்டால் காட்சியே வேண்டாம் என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார். படத்தின் உயிரே அந்தக் காட்சிதான். என் கணவர் அதை எழுத ஒரு வருஷம் ஆனது.

ஒத்திகையில் அக்கா எழுந்தார், நடந்தார், நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்.

"தம்பி, நான் வீட்டை விட்டுப் போகணுமா, சுவத்துக்குள்ள போகணுமா?"

டேப்பை விரித்தேன். அறையின் அகலம் ஒன்பதரை அடிதான். கதவோர விளக்கின் கால் வேறு கதவைத் திறக்கவிடவில்லை. விளக்கைச் சுலபமாக, அக்கா உட்காரும் பக்கம் உள்ள ஜன்னலுக்கு வெளியே கொண்டுபோய்விட்டேன். மேசைக்குத்தான் வழியில்லை. என் பக்கம் தள்ளினால் கேமரா நிற்காது. நானே ஏற்கனவே சுவரில் பல்லியாக ஒட்டிக்கொண்டிருந்தேன். மணி பதினொன்றேகால். என் கணவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எந்தப் பக்கம் திருப்பினால் அறை பெரிதாகும் என்பது போல. சிரிப்பு வந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

இரண்டு நாளில் முதல் முறையாக வாயைத் திறந்தேன். "கணவரா நடிக்கிறவரு நாற்காலிய முன்னால இழுத்துக்கிட்டா அக்கா போயிடலாம்."

"அவன் அசையக் கூடாதும்மா. அவதான் போறா, அவன் கல்லு மாதிரி இருக்கணும்."

"அசையாம இருந்தா அவங்களால போகவே முடியாது. அவருதான் வழி விடணும்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு கணவனின் வட்டத்தை அழித்து, பென்சிலால் ஒரு கட்டம் முன்னால் போட்டார். அடிக்கோடிட்ட வரியையும் அடித்தார்.

எடுத்தோம். அக்கா எழுந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். கணவனாக நடித்தவர் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்து, மேசையில் நெஞ்சு இடிக்கும்வரை முன்னால் இழுத்துக்கொண்டார், அவள் போவதற்காக. அவள் போனாள். கதவு மூடிய பிறகும் அவர் அந்த இடுக்கிலேயே உட்கார்ந்திருந்தார்.

'கட்' சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. நான்தான் கேமராவை நிறுத்தினேன்.

அக்கா கதவைத் திறந்து தலையை நீட்டினார். "தம்பி, அந்த நாற்காலி இழுக்குறது பிரமாதம். எப்படித் தோணிச்சு உங்களுக்கு?"

நான் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தேன். அறையில் பதினைந்து பேர். முதல் படம். பெரிய நடிகை வாயால் பாராட்டு. தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம், நானும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டேன்.

"தோணலக்கா," என்றார் என் கணவர். "ரூம நான் தப்பா அளந்துட்டேன். வழி கண்டுபிடிச்சது இவ."

துடைத்த லென்ஸையே நான் மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.