அண்ணன் வரும் பக்கங்கள்

டயர் கடைக்கு மேலே எங்கள் பதிப்பகம். கீழே காற்றடிக்கும் சத்தம் ஓயாது. பகல் முழுக்க அந்தச் சீறலைக் கேட்டபடிதான் மற்றவர்கள் எழுதியதைப் படிக்கிறேன். வயதாகிவிட்டது, கண் சீக்கிரம் களைத்துப்போகிறது. காது மட்டும் இன்னும் வேலை செய்கிறது. எனக்குக் கதை என்பதே யாரோ பக்கத்து அறையில் பேசிக்கொண்டிருப்பதுபோலத்தான். பேச்சு நின்றுபோனால் தலை தானாக நிமிரும்.

அந்தக் கைப்பிரதியிலும் அப்படித்தான் நிமிர்ந்தது.

எழுதியவர் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் பெண். ஐம்பதைத் தாண்டியவர். படுக்கையில் விழுந்த அம்மாவைப் பல வருஷம் தனியாகப் பார்த்துக்கொண்டு, அம்மா போன பிறகு அதையெல்லாம் நாவலாக எழுதியிருந்தார். முதல் தடவை வந்தபோதே ஒளிக்காமல் சொன்னார். ஊரே படிக்காவிட்டாலும் பரவாயில்லையாம், அண்ணன் ஒருத்தன் படித்தால் போதுமாம். படித்துவிட்டு அவன் தலை நிமிரக் கூடாதாம்.

அம்மா வரும் பக்கங்கள் பிரமாதம். அந்த அம்மாவுக்கு உடம்புதான் விழுந்திருந்ததே தவிர வாய் விழவில்லை. ராத்திரி கூப்பிட்டு எழுப்புவாள். தண்ணியா என்று மகள் கேட்டால், “தண்ணி யார் கேட்டா? வீட்ல ஆள் இருக்கான்னு பார்த்தேன்” என்பாள். அதைப் படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்தேன். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம். எதையும் நேற்றே முடித்திருக்க வேண்டும் என்பார்.

என் வேலை முறை பெரிய வித்தை ஒன்றுமில்லை. முதல் வாசிப்பில் வேதனை, ஆத்திரம், ஏமாற்றம் என்று பெயர் சொல்லி நிற்கும் வரிகளுக்குக் கீழே பென்சிலால் நெளிகோடு போட்டுக்கொண்டே போவேன், நிறுத்தி யோசிக்க மாட்டேன். இரண்டாம் வாசிப்பில்தான் தரம் பிரிப்பது. கோடு போட்டதெல்லாம் தப்பு கிடையாது. “அந்த வருஷம் முழுக்க எனக்கு அலுப்பாகவே இருந்தது” என்று ஒரு வரி இருந்தது. ஒரு வருஷத்தை ஒரே மூச்சில் தாண்ட அது தேவை, கோட்டை அழித்தேன். அம்மா கரண்டியைத் தட்டிவிடுகிறாள், சாப்பாடு சுவரில் தெறிக்கிறது, மகள் சுவரைத் துடைத்துவிட்டு அதே துணியால் தன் முகத்தையும் துடைத்துக்கொள்கிறாள். அதோடு விட்டிருக்கலாம். விடாமல் “என் துக்கத்துக்கு அளவே இல்லை” என்று எழுதியிருந்தார். துக்கம் அந்தத் துணியிலேயே வந்துவிட்டது. அந்த வரியை அடித்தேன். இந்த இரண்டு வகையும் சுலபம்.

கஷ்டம் மூன்றாவது வகை. அங்கே எதுவும் நடக்காது, யாரும் பேச மாட்டார்கள். உணர்ச்சியின் பெயர் மட்டும், காலி நாற்காலியில் துண்டு போட்டு இடம் பிடித்த மாதிரி உட்கார்ந்திருக்கும். “அண்ணன் வந்தான். அவனுடைய அலட்சியம் என் நெஞ்சைப் பிளந்தது. அம்மாவுக்கும் பெரிய ஏமாற்றம். மாலை கிளம்பிப் போனான்.” அவ்வளவுதான், ஒரு பகல் முடிந்துவிட்டது. நெளிகோடு போட்ட பக்கங்களைத் தனியாக எடுத்து அடுக்கியபோது பார்த்தேன். மூன்றாவது வகை எல்லாமே அண்ணன் வரும் பக்கங்கள். வேறெங்கும் ஒன்றுகூட இல்லை. வாயாடி அம்மா அந்தப் பக்கங்களில் ஒரு வார்த்தை பேசவில்லை.

எழுதியவரை வரச் சொன்னேன். மருத்துவமனைச் சீருடையோடு, படியேறிய மூச்சோடு வந்து உட்கார்ந்தார். அண்ணன் வந்த அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். வேதனையாக இருந்தது என்றார். அது பிறகு வந்தது, முதலில் அண்ணன் உள்ளே வந்து எங்கே உட்கார்ந்தார் என்றேன்.

அவர் யோசிக்கவே இல்லை. கட்டிலில், அம்மா காலடியில் என்றார். உட்கார்ந்து? அம்மா காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தி, கைப்பையின் வாரைச் சரிசெய்தார். ஞாபகமில்லை என்றார். ஞாபகம் இல்லாதவர் மடியைச் சொல்லியிருக்க மாட்டார். நான் கிண்டவில்லை. அந்த ஒரு வருகையை மட்டும் காட்சியாக எழுதி வாருங்கள், யார் என்ன சொன்னார்கள் என்று இருக்கட்டும் என்று அனுப்பிவைத்தேன்.

அவசரத்துக்கு விஷயம் எட்டியதும் அலுத்துக்கொண்டார். கோபம் என்றால் கோபம், படிக்கிறவனுக்குப் புரிந்தால் சரி, மாசக் கடைசியில் அச்சுக்குப் போக வேண்டும் என்றார். படிக்கிறவர் நம்ப வேண்டாமா என்றேன். நம்புவதற்கு இது என்ன கல்யாணச் சம்பந்தமா என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அடுத்த வாரம் பக்கங்கள் வந்தன. எழுதியவரை எதிரில் வைத்துக்கொண்டே படித்தேன். அண்ணன் கதவை உதைத்துத் திறக்கிறான். நாற்காலியை இழுத்துப் போட்டு ஃபோனையே பார்க்கிறான். “இவளுக்காக என் நேரத்தை வீணாக்க முடியாது” என்கிறான். கதவை அறைந்துவிட்டுப் போகிறான். இந்தத் தவறை நிறைய பார்த்திருக்கிறேன். காட்சி கேட்டால், ஏற்கெனவே எழுதிய உணர்ச்சிக்கு அளவெடுத்து ஒரு காட்சி தைத்துக் கொண்டுவருவார்கள்.

“அம்மா ஏன் வாயே திறக்கல?” என்று கேட்டேன்.

அவர் கைப்பையை மடியில் திருப்பி வைத்தார்.

“ராத்திரி ஆள் இருக்கான்னு பார்க்கக் கூப்பிட்டவங்க. மகன் கதவை உதைச்சுக்கிட்டு வர்றான், ஒண்ணும் சொல்லாமலா படுத்திருந்தாங்க? இந்த அண்ணன்கூட டிவி நாடகத்துல வர்ற ஆள் மாதிரிதான் பேசுறார். உங்க அண்ணன் இப்படியா பேசுவார்?”

“இல்ல.”

“பின்ன?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் டீ வரவழைத்தேன். பாதி குடித்த பிறகுதான் பேச்சு வந்தது, அதுவும் மேசையைப் பார்த்து.

“நகம் வெட்டிவிட்டான் அக்கா. அம்மாவுக்கு.”

அதுவரைக்கும் என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“வருஷத்துக்கு ஒருமுறை வந்து நகம் வெட்டுறது யாருக்கு முடியாது? மலம் அள்ளினவ நான். அவன் நகம் வெட்டிட்டுப் போவான். ஆனா அம்மா அவன்கிட்ட சிரிப்பாங்க. என்கிட்ட அப்படிச் சிரிச்சதே இல்ல. இதை எழுதினா அவன் நல்லவனாத் தெரிவான்.”

“தெரிஞ்சா?”

“நான் எதுக்கு இவ்வளவு எழுதினேன் அப்புறம்?”

இந்த வேலையில் இத்தனை காலம் இருந்தும், இந்த இடம் வரும்போது களைப்பாகத்தான் இருக்கிறது. எழுதுகிறவர் தன் கையில் இறுக்கிப் பிடித்திருப்பதை நான் பென்சிலை வைத்து நெம்புகிறேன். வெளியே என்ன வரும் என்று எனக்கும் தெரியாது. இப்போது சொன்னதை அப்படியே எழுதுங்கள், வேண்டாமென்றால் பிறகு கிழித்துவிடலாம் என்று மட்டும் சொன்னேன்.

அங்கேயே என் மேசையின் மறுமுனையில் உட்கார்ந்து எழுதினார். நான் ஒரு தோட்டக்கலைப் புத்தகத்தின் மெய்ப்பில் அச்சுப்பிழை திருத்துகிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டிருந்தேன். எழுதி முடித்துத் தாளைத் தள்ளினார்.

அண்ணன் அம்மாவின் காலை மடியில் வைத்து நகம் வெட்டுகிறான். மகள் துவைத்த படுக்கை விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் நிற்கிறாள். அம்மா மகனிடம் சொல்கிறாள்: “உன் தங்கச்சிகிட்ட நகத்தைக் குடுத்தா விரலையும் சேர்த்து எடுத்துக்குவா. அவ்வளவு சுறுசுறுப்பு.” இருவரும் சிரிக்கிறார்கள். அம்மாவுக்குச் சிரிப்பில் இருமல் வருகிறது. அண்ணன் நிமிர்ந்து பார்த்து, “வா, நீயும் வந்து உட்காரு” என்கிறான். கட்டிலில் இடம் இருக்கிறது. மகள், “எனக்கு வேலை இருக்கு” என்கிறாள். போய் விரிப்பைக் கொடியில் போடுகிறாள். காய்ந்துகொண்டிருந்த விரிப்பை எடுத்துவிட்டு ஈரத்தைப் போட வேண்டியவள், காய்ந்ததன் மேலேயே ஈரத்தைப் போடுகிறாள். அதற்குக் கீழே ஒரு வரி: “எனக்கு அவன் மேல் ஆத்திரமாக வந்தது.”

பழக்கதோஷம், என் பென்சில் அந்தக் கடைசி வரிக்குப் போனது. அவர் கையை வைத்து மறைத்தார்.

“இது இருக்கட்டும்.”

மறுபடி மேலிருந்து படித்தேன். பழைய பிரதியிலும் இதே வார்த்தைகள்தான், அங்கே சப்பென்று கிடந்தன. இப்போது இதற்கு மேலே ஒரு சிரிப்பு இருந்தது, கட்டிலில் ஒரு காலி இடம் இருந்தது. ஆத்திரம் என்று அவள் சொல்கிறாள், அது ஆத்திரம் மட்டும் இல்லை என்று படிக்கிறவருக்குத் தெரியும். சொல்கிறவளுக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை. அப்படி ஒரு வரியைத் தொடக் கூடாது. பென்சிலைக் கீழே வைத்தேன்.

அப்போதுதான் அவசரம் மேலே வந்தார். தாளை எடுத்து நின்றபடியே ஓட்டிவிட்டு, இது ஒன்றுக்கே ஒரு வாரமா, மிச்சம் எத்தனை தடவை அண்ணன் வருகிறான் என்று கேட்டார். சொன்னேன். அவர் தலையில் கை வைக்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தார். அது இன்னும் மோசம். பிறகு நிதானமாக ஒரு யோசனை சொன்னார். அண்ணனை மொத்தமாக எடுத்துவிடலாம். அம்மா, மகள், இருவர் போதும். கதை சுருக்கமாக, அழகாக இருக்கும், மாசக் கடைசியில் அச்சுக்கும் போய்விடும். இல்லாவிட்டால் இந்த இடத்தில் தோட்டக்கலைதான் போகும், நாவல் அடுத்த வருஷம் பார்க்கலாம்.

யோசனை தப்பில்லை. அவர் சொன்னபடி செய்தால் புத்தகம் நிற்கும். நானே பல கைப்பிரதிகளில் இப்படி ஆட்களை எடுத்திருக்கிறேன். எழுதியவருக்கும் அது நிம்மதிதான்: அண்ணனைத் திட்டவும் வேண்டாம், நல்லவனாகக் காட்டவும் வேண்டாம். அவர் முகத்தில் ஒரு நிமிஷம் அந்த நிம்மதியைப் பார்த்தேன். சரியென்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் தாளை முதலாளி கையிலிருந்து வாங்கி, ஓரம் மடங்கியதை நீவிவிட்டார்.

“அவனை எடுத்துட்டா அம்மா சிரிச்சதே இல்லன்னு ஆயிடும் சார்” என்றார். “தோட்டத்தை முதல்ல போடுங்க.”

அவசரம் என்னைப் பார்த்தார். நான் தோட்டக்கலை மெய்ப்பை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

எழுதியவருக்கு இன்னும் நேரமிருந்தது, மருத்துவமனை மாலையில்தான் திறக்கும். நெளிகோடு போட்ட அடுத்த பக்கத்தை எடுத்து நடுவில் வைத்தேன். இந்தத் தடவை வந்தபோது அண்ணன் எங்கே உட்கார்ந்தார் என்று கேட்டேன்.

“உட்காரல” என்றார் அவர், கண்ணைத் தேய்த்துக்கொண்டே. “அன்னிக்கு நான் கதவைத் திறக்கவே லேட் பண்ணினேன்.”

எழுதுங்கள் என்றேன்.