கொட்டடியில் நடந்த பாடம்

வரலாற்று டீச்சருக்கு ஒரு கிறுக்கு உண்டு. பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போனால் அவர்கள் எதையாவது கற்றுக்கொண்டு திரும்ப வேண்டும் என்பார். கிறுக்கு என்று பெயர் வைத்தது ஆசிரியர் அறைதான். அவர்களுக்குச் சுற்றுலா என்றால் பஸ், பாட்டு, பொட்டலச் சாப்பாடு, கொஞ்சம் வாந்தி, வீடு. மறுநாள் பிள்ளைகளிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், யார் வாந்தி எடுத்தார்கள் என்பது மட்டும் துல்லியமாக வரும்.

இந்த முறை ஒன்பதாம் வகுப்பைப் பழைய சிறைச்சாலைக்குக் கூட்டிப் போவதாகத் திட்டம். கைதிகள் இல்லாமல் போய் வெகுகாலமாகிவிட்ட அந்தக் கட்டடம் இப்போது காட்சியகம். டீச்சர் முதலில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எந்த மூலையில் பிள்ளைகள் முட்டி மோதும், கழிவறை எங்கே, விளக்கம் சொல்பவரின் குரல் எந்தக் கூடத்தில் எதிரொலித்து ஒன்றும் விளங்காமல் போகும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். விளக்கம் சொல்பவரிடம், கைதிகளை அடைத்த கொட்டடிகளுக்குள் தயவுசெய்து பேசாதீர்கள், பிள்ளைகளே பார்க்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். பிறகு வகுப்பில், அங்கே யாரை அடைத்தார்கள், எதற்காக அடைத்தார்கள் என்று பாடம் நடத்தி, பிள்ளைகளுக்குக் கேள்வி ஊறும்வரை காத்திருந்தார்.

கோடிட்ட இடத்தை நிரப்பும் தாள் எதுவும் கொடுக்கவில்லை. அதைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் பெயர்ப்பலகையைப் பார்த்து எழுதிவிட்டு ஓடிவிடும், சுவரை ஏறெடுத்தும் பார்க்காது. அதற்குப் பதில் சின்னச் சின்னக் குழு, ஒரு குழுவுக்கு ஒரு இடம், ஒரு இடத்துக்கு ஒரு கேள்வி. கொட்டடிக் குழுவுக்குக் கொடுத்த கேள்வி, ஒரு ஆள் இதற்குள் எப்படி நாளைக் கழித்திருப்பான் என்பது. "அளவுகோல் வேணாம், உங்க உடம்பால அளந்து பாருங்க," என்று வகுப்பிலேயே சொல்லியிருந்தார். படுத்துப் பாருங்கள், கால் நீட்டிப் பாருங்கள், கதவைச் சாத்திவிட்டு என்ன தெரிகிறது என்று பாருங்கள். கூட வரும் ஆசிரியர்களையும் உட்கார வைத்து, பிள்ளைகளை அதட்டாதீர்கள், விடையைச் சொல்லிக் கொடுக்காதீர்கள், ஆபத்து வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விளக்கியிருந்தார். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவர்தான் ஒன்றைக் கோட்டை விட்டார்.

புறப்படும் காலையில் கணக்கு வாத்தியாருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதில் விளையாட்டு வாத்தியார் பஸ்ஸில் ஏறினார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் விசில். கழுத்தில் தொங்குவது விசில் என்றாலும் பேசுவது என்னவோ கைதான். பள்ளியில் எல்லாருக்கும் மூத்தவர். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து திட்டத்தை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டீச்சர் தலை எண்ணுவதிலும் தண்ணீர் பாட்டில் சரிபார்ப்பதிலும் மூழ்கிக் கிடந்தார். இறங்கும்போது, "கொட்டடிப் பக்கம் நீங்க நில்லுங்க சார்," என்று மட்டும் சொன்னார். ஊரையெல்லாம் விரட்டிப் பிடித்து விவரம் சொன்ன மனுஷி, முன்சீட்டில் இருந்த ஆளை விட்டுவிட்டார்.

முதலில் பிள்ளைகளைச் சும்மா சுற்றவிட்டார். புது இடத்தில் கண் அலைவது அடங்காமல் எதுவும் தலையில் ஏறாது. அலைச்சல் அடங்கியதும் குழுக்கள் பிரிந்தன. டீச்சர், கைதிகளைக் கட்டிவைத்துக் கசையால் அடித்த மரச்சட்டம் நின்ற முற்றத்துக் குழுவோடு போனார். அந்த மரச்சட்டத்தில் மணிக்கட்டு உரசி உரசித் தேய்ந்த பள்ளங்கள் இருந்தன. பிள்ளைகள் அதில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் தங்கள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்கள். பாடம் நடக்கிறது என்று டீச்சருக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

அந்த நேரத்தில்தான் கொட்டடிப் பக்கம் சத்தம் கேட்டது.

கொட்டடிக் குழுவில் சுருட்டை என்றொரு பெண். தலைமுடியை வைத்து வந்த பெயர். டயர் கடைக்காரரின் மகள், சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவள். அவள் உள்ளே தரையில் படுத்திருந்தாள், தோழிகள் வெளியிலிருந்து கதவைச் சாத்தியிருந்தார்கள். விசில் வந்து கதவின் துவாரத்தில் எட்டிப் பார்த்தார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது தரையில் உருளும் ஒரு பெண்ணும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கும்பலும்தான். தோழி ஒருத்தி சொல்ல வாயெடுத்தாள். அவளைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்து, சுருட்டையை முடியைப் பிடித்து வெளியே இழுத்தார்.

டீச்சர் ஓடி வந்தபோது அந்தப் பெண்ணின் முழங்கால்கள் கருங்கல் தரையில் தேய்ந்துகொண்டு வந்தன. டீச்சர் சொல்லித்தான் படுத்தேன் என்று அவள் சொன்னது நன்றாகவே கேட்டது. பொய் வேறயா என்று கேட்டுவிட்டு விசில் அறைந்தார். முதல் அறையில் உதடு கிழிந்தது. இரண்டாவது அறை காதோடு விழுந்தது. தலை சுவரில் போய் முட்டியது. மூன்றாவதுக்குக் கை ஓங்கினார்.

டீச்சர் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நின்றிருந்தார். கால் நகரவில்லை. மூத்தவர், பிள்ளைகள் முன்னால் எப்படி, இப்போது நிறுத்திவிடுவார், என்றெல்லாம் மனசு கணக்குப் போட்டது. அந்த நேரத்தில் கணக்குப் போட்ட மனசைப் போல் கேவலமான பொருள் உலகத்தில் இல்லை.

கொட்டடிக்கு வெளியே பிள்ளைகள் தூக்கிப் பார்ப்பதற்கென்று ஒரு மேசையில் கால் விலங்குகள் வைத்திருந்தார்கள். சுருட்டையின் கை அதில் ஒரு விலங்கைப் பற்றியது. இரண்டு கையாலும் தூக்கி அடித்தாள். அந்த இரும்பு போய் விசிலின் புருவத்தில் விழுந்து எலும்புவரை பிளந்தது. அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார், விரலிடுக்கில் இரத்தம் வழிந்து சட்டை நனைந்தது. அவள் மறுபடியும் ஓங்கினாள். தோழிகள் நாலு பேர் சேர்ந்து கட்டிப் பிடித்தார்கள். பெரியவர்கள் ஒருவரும் அசையவில்லை, பிடித்தது பிள்ளைகள்தான்.

ஆஸ்பத்திரியில் அவருக்குத் தையல் போட்டார்கள். அவளுக்குக் காது ஜவ்வு கிழிந்திருப்பதாகச் சொன்னார்கள்.

சாயங்காலமே தலைமையாசிரியை டீச்சரைக் கூப்பிட்டு விட்டார். கெட்ட மனுஷி இல்லை, பள்ளியின் பெயருக்கு ஒன்று என்றால் மட்டும் கண் தெரியாது. வாத்தியாரை இரும்பால் அடித்த பெண்ணை வைத்துக்கொள்ள முடியாது, நாளைக்கு விசாரணை முடிந்ததும் அனுப்பிவிடலாம் என்றார். டீச்சர் பதறிப்போய், படுக்கச் சொன்னது நான்தான் என்றார். தலைமையாசிரியை கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அப்படி எதுவும் சொல்லவில்லை என்று நாளைக்குச் சொன்னால் போதும், டீச்சர் மேல் துரும்பும் விழாது, அடுத்த வருஷமும் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். இல்லாவிட்டால் இந்தக் கல்வி உலாவெல்லாம் இதோடு மூட்டை கட்டிவிடும். எத்தனையோ பிள்ளைகளுக்காக ஒரு பிள்ளை என்று யோசித்துப் பாருங்கள் என்றார்.

டீச்சர் யோசித்தார். வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், இரவு முழுக்க அந்தப் பக்கம்தான் சாய்ந்து சாய்ந்து யோசித்தார்.

போய்வந்த மறுநாள், பார்த்ததை வகுப்பில் பேசிச் சேர்த்து வைப்பதுதான் பாடத்தின் பாதி. அதைச் செய்யாவிட்டால் பார்த்தது எல்லாம் தனித்தனிக் கல்லாகக் கிடக்கும், சுவராகாது. பழக்க தோஷம், டீச்சர் அந்த வகுப்பை நிறுத்தவில்லை. சுருட்டையின் இடம் காலியாக இருந்தது. முற்றத்துக் குழுவை, கசையடி பற்றி என்ன தோன்றியது என்று கேட்டார். அடித்தவன் சிறைக்காவலன், அது அவன் வேலை என்று ஒருவன் சொன்னான். உத்தரவு மேலே இருந்து வந்தது என்றான் இன்னொருவன். எப்போதும் கடைசி பெஞ்சில் தூங்கி விழும் ஒருத்தி எழுந்தாள்.

"அடிச்சவனுக்குச் சம்பளம் கொடுத்தாங்க, சரி. சுத்தி நின்னு பாத்தவங்களுக்கு என்ன கொடுத்தாங்க டீச்சர்?"

அவள் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். டீச்சருக்கு அது தெரிந்ததால்தான் தாங்கவில்லை. வகுப்பு முழுவதும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. விடை தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

தலைமையாசிரியையின் அறையில் எல்லாரும் கூடியிருந்தார்கள். விசிலின் நெற்றியில் கட்டு. சுருட்டை காதில் பஞ்சோடு சுவரோரம் நின்றாள். அவளுடைய அப்பா டயர்க் கறுப்பு ஏறிய கையைப் பிசைந்துகொண்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். பெண் செய்த குற்றத்தைத் தலைமையாசிரியை வரிசையாகச் சொல்லச் சொல்ல அவர் முகம் கறுத்தது. கும்பிட்டார், கெஞ்சினார். இந்தப் பள்ளியை விட்டால் எங்களுக்கு வேறு பள்ளி ஏது என்றார். கெஞ்சியது எடுபடவில்லை என்று தெரிந்ததும் திரும்பி மகள்மேல் பாய்ந்தார். குரல்வளையைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார், மற்ற கையை ஓங்கினார், அதுவும் கிழிந்த காதுப் பக்கம்.

தலைமையாசிரியை நாற்காலியை விட்டு எழவில்லை. விசில் ஜன்னலைப் பார்த்தார்.

டீச்சர் நடுவில் போய் விழுந்தார். ஓங்கிய கை அவருடைய தாடையில் இறங்கியது. கண்ணாடி பறந்தது, வாயில் இரத்தம் கரித்தது. அப்படியும் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொங்கினார். டயர் கடைக்காரர் யாரை அடித்தோம் என்று பார்த்து, அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

டீச்சர் உதட்டைத் துடைக்காமலே பேசினார்.

"படுக்கச் சொன்னது நான். கதவச் சாத்தச் சொன்னதும் நான். எல்லாருக்கும் சொன்னேன், இவருக்குச் சொல்லல. அது என் தப்பு. ஆனா இவர் முடியைப் பிடிச்சு இழுத்ததையும், காதுல அறைஞ்சதையும், மூணாவதுக்குக் கை ஓங்கினதையும் பாத்தேன். அதுக்கப்புறம்தான் அவ இரும்பை எடுத்தா. எங்க கூப்பிட்டாலும் வந்து சொல்லுவேன்."

விசில் முதல்முறையாக வாயைத் திறந்தார். "முன்னாடியே சொல்லியிருந்தா அடிச்சிருக்க மாட்டேன்ல."

"சொல்லாட்டியும் அடிக்கக் கூடாது சார்."

எங்க கூப்பிட்டாலும் என்ற சொல் தலைமையாசிரியைக்கு நன்றாக உறைத்தது. விஷயம் பள்ளி வாசலைத் தாண்டினால் என்ன ஆகும் என்று அவர் கணக்குப் போட அதிக நேரம் ஆகவில்லை. பெண்ணைக் கண்டித்து விடுகிறேன், வகுப்புக்குப் போகலாம் என்றார். விளையாட்டு வாத்தியார் விளக்கம் கொடுக்கும்வரை வீட்டில் இருக்கட்டும். டீச்சர் இனிமேல் எந்தப் பிள்ளையையும் பள்ளி வாசலுக்கு வெளியே கூட்டிப் போகக் கூடாது, இந்த ஜன்மத்துக்கு. டீச்சர் தலையாட்டினார். அவர் உயிராக நினைத்த வேலை அந்த ஒரு தலையாட்டலில் போய்விட்டது. வலித்தது, நன்றாகவே வலித்தது.

வெளியே வராந்தாவில் டீச்சர் வளைந்துபோன கண்ணாடியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். சுருட்டை வந்து எதிரே நின்றாள். நன்றி சொல்வாள் என்று டீச்சர் நினைத்தார். சொல்ல வேண்டாம் என்று தடுப்பதற்கு வார்த்தையும் தயாராக வைத்திருந்தார். அவள் நல்ல காதைத் திருப்பி, விடை தவறாமல் கேட்க வேண்டும் என்பதுபோல் கிட்டே வந்தாள்.

"நேத்து ஏன் டீச்சர் குறுக்க வரல?"

டீச்சர் தரையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "பயந்துட்டேன்மா," என்றார்.

சுருட்டை தலையாட்டவும் இல்லை, அழவும் இல்லை. காதுப் பஞ்சைச் சரிசெய்துகொண்டு வகுப்பை நோக்கி நடந்தாள்.